ஒரு படம், ஒரு குழாய், ஆறு உறை

சென்னையின் தெற்குப் புறநகரில் இருக்கிற சித்தி ஒரு ஆகஸ்ட் மாதக் காலையில் அலைபேசியில் ஒரு படம் அனுப்பினார். வீட்டின் முன்பக்க மூலை, மேலே மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர், அதன் அடியிலிருந்து சுவரோடு இறங்கும் சாம்பல் நிற பிவிசி குழாய். குழாயின் வாய் தரைக்கு அரை அடி மேலே முடிந்திருந்தது. படத்தோடு குரல் செய்தியும் வந்தது. “மழை பெஞ்சா அந்தக் குழாய்த் தண்ணி வாசல்லயே நிக்குதுப்பா. டிரம் வைக்கட்டுமா, குழி தோண்டட்டுமா? ஆளு நாளைக்கு வர்றேன்னு சொல்லியிருக்கான்.”

ஆளை ஒரு வாரம் தள்ளி வரச் சொல்லுங்கள் என்றேன். கட்டட வேலையில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால் ஒன்று தெரியும். இந்த வேலையில் தோண்டுவது ஒரு நாள் வேலைதான். எவ்வளவு தண்ணீர் வரும், அது எங்கே போகும் என்று தெரியாமல் தோண்டிவிட்டால் அந்த ஒரு நாள் வேலை பல ஆண்டுகள் தொல்லை கொடுக்கும். முதல் கேள்விக்கு ஒரு நல்ல படமே பாதிப் பதிலைச் சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்கு மண்ணைத்தான் கேட்க வேண்டும்.

படத்தில் முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் குழாய் மழைநீர்க் குழாய்தானா என்பதை. கேட்கச் சாதாரணமாக இருந்தாலும் இதில் தவறியவர்கள் உண்டு. கழிவறைக் குழாயும் அதே சாம்பல் நிறத்தில், அதே 4 அங்குல அளவில் சுவரோடு இறங்கும். ஆனால் அதற்கு நடுவில் கிளை இருக்கும். மேல் முனை மாடிக்கு மேல் நீண்டு, தொப்பி போட்டுக் காற்றுப் போக்கியாக நிற்கும். மழைநீர்க் குழாய் மாடித் தளத்தின் மட்டத்திலேயே தொடங்கும். சித்தியின் படத்தில் குழாய் கைப்பிடிச் சுவரின் அடியில்தான் தொடங்கியது. கிளை ஏதும் இல்லை. அந்த வகையில் நிம்மதி.

ஆனால் இன்னொன்று உறுத்தியது. குழாய் வாய்க்கு நேர் கீழே தரை ஈரமாக இருந்தது. சுவரில் பச்சைப் பாசி. அந்த வாரம் அங்கே மழையே இல்லை. “சித்தி, மேல்தொட்டி நிரம்பி வழியுதா?” என்று கேட்டேன். சற்று நேரம் பதில் இல்லை. பிறகு, “மோட்டார் போட்டுட்டு மறந்துடறேன்” என்றார். வழிந்த தண்ணீர் மாடியில் ஓடி அதே குழாயில் இறங்கியிருக்கிறது. வெயில் நாளில் மழைநீர்க் குழாயின் கீழே ஈரம் தெரிந்தால் மேல்தொட்டி வழிகிறது, அல்லது மாடியில் துணி துவைக்கிறார்கள், அல்லது சலவை இயந்திரத்தின் கழிவுநீர் அங்கே விழுகிறது என்று பொருள். தொட்டி நீரென்றால் மிதவை வால்வைச் சரிசெய்தால் போதும். சோப்பு நீர் என்றால் அதை வேறு வழியில் திருப்பிவிட்ட பிறகுதான் மற்ற வேலை. சோப்பும் துணி நூலும் குழிக்குள் போனால் மண்ணின் கண்கள் அடைபட்டுப் போகும்.

அடுத்தது அளவு. அண்ணாந்து எடுத்த படத்தில் மேலே இருப்பவை சிறுத்துத் தெரியும், அருகில் இருப்பவை பெருத்துத் தெரியும். படத்தின் மேல் அளவுகோலை வைத்து அளந்தால் கணக்குத் தப்பும். எண்ணினால் தப்பாது. சித்தி வீட்டின் பக்கவாட்டுச் சுவர் பூசாமல் ஹாலோ பிளாக் தெரியும்படி இருக்கிறது. அந்தச் சுவரை மட்டும் இன்னொரு படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ஒரு கல் 16 அங்குல நீளம். முன் மூலையிலிருந்து பின் மூலை வரை ஒரே வரிசையில் 30 கற்கள். ஆக வீட்டின் நீளம் 40 அடி. பூசிய சுவராக இருந்தால் குழாயின் அருகே ஒரு செங்கலைச் சாய்த்து வைத்துப் படம் எடுக்கலாம். அதன் 9 அங்குல நீளம் குழாய் வாயின் உயரத்தையும் சுவர் ஓரத்து இடைவெளியையும் சொல்லிவிடும். வீட்டின் அகலத்தைச் சித்தியே டேப் பிடித்து அளந்தார். 20 அடி.

40 அடிக்கு 20 அடி என்றால் 800 சதுர அடி. ஆனால் அத்தனையும் இந்த ஒரு குழாய்க்கு வருவதில்லை. மாடித் தளத்துக்கு வாட்டம் இருக்கும். எந்தப் பக்கம் வாட்டமோ அந்தப் பக்கத்துக் குழாய்க்குத்தான் நீர் போகும். பின்பக்கத்திலும் ஒரு குழாய் உண்டு என்றார் சித்தி. மாடியின் நடுவில் நின்று ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்க்கச் சொன்னேன். தண்ணீர் இரண்டாகப் பிரிந்து பாதி முன்னாலும் பாதி பின்னாலும் ஓடியது. ஆகவே படத்தில் இருந்த குழாயின் பங்கு 400 சதுர அடி.

இனி மழைக் கணக்கு. செய்தியில் மழையைச் சென்டிமீட்டரில் சொல்கிறார்கள். 100 சதுர அடிப் பரப்பில் 1 செ.மீ. மழை பெய்தால் 93 லிட்டர் தண்ணீர் விழும். தளம் உறிஞ்சுவதும், சூட்டில் ஆவியாவதும், ஓரத்தில் தெறிப்பதும் போக 80 லிட்டர் குழாய்க்கு வரும் என்று வைத்துக்கொள்ளலாம். 100 சதுர அடிக்கு, 1 செ.மீ. மழைக்கு, 80 லிட்டர். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும். சித்தியின் 400 சதுர அடிக்கு ஒவ்வொரு சென்டிமீட்டர் மழைக்கும் 320 லிட்டர்.

கடைகளில் கிடைக்கும் நீல நிற பிளாஸ்டிக் டிரம் 200 லிட்டர் பிடிக்கும். முக்கால் சென்டிமீட்டர் மழைகூட வேண்டாம், அதற்குள் நிரம்பிவிடும். ஐப்பசியில் ஒரு மணி நேரத்தில் 5 செ.மீ. கொட்டுவது சென்னைக்குப் புதிதல்ல. அப்போது இந்தக் குழாயில் 1,600 லிட்டர் வரும், அதாவது நிமிடத்துக்கு 27 லிட்டர். டிரம் எட்டு நிமிடத்தில் நிரம்பும். மீதி 52 நிமிடத் தண்ணீர் எங்கே போகும்? டிரம் வாங்குகிற பலரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. டிரம்மில் விழும் தண்ணீருக்கு முன்பாக, டிரம்மிலிருந்து வழியும் தண்ணீருக்கு வழி பார்க்க வேண்டும். என் கருத்தில், சென்னை மாதிரிக் குறுகிய காலத்தில் கொட்டித் தீர்க்கும் ஊருக்கு டிரம் மட்டும் ஒரு திட்டமாகாது. செடிக்கும் வாசல் தெளிக்கவும் 200 லிட்டர் கிடைக்கும், அவ்வளவுதான். வழிவதை வாங்க ஒரு குழி வேண்டும். குழியும் நிரம்பினால் தெருவின் மழைநீர் வடிகாலுக்கு ஒரு வழி வேண்டும்.

ஆனால் குழி போடலாமா கூடாதா என்பதைப் படம் சொல்லாது. படத்தில் தெரிவது மேல் மண். புறநகர் மனைகளில் அது பெரும்பாலும் எங்கிருந்தோ லாரியில் வந்து கொட்டிய மண். அடியில் களிமண்ணும் இருக்கலாம், மணலும் இருக்கலாம்.

சித்தி வீட்டில் முன்புறம் 10 அடி இடம் இருக்கிறது. கழிவுநீர்த் தொட்டி பின்பக்கம், நிலத்தடித் தொட்டி முன்பக்க வலது மூலையில். குழிக்கு இடது மூலையைக் குறித்தோம். அங்கே வீட்டின் அடித்தளத்துக்கும் குழிக்கும் இடையில் 6 அடி கிடைக்கும். 10 அடி இருந்தால் இன்னும் நல்லது. 5 அடிக்குக் குறைந்தால் நான் சம்மதிக்க மாட்டேன். அடித்தளத்தின் கீழே மண் நனைந்து இளகுவது வெளியே தெரிய நாளாகும், தெரியும்போது சுவரில் விரிசலாகத்தான் தெரியும். கழிவுநீர்த் தொட்டியிலிருந்தும், குடிக்கிற நீர் வைத்திருக்கும் நிலத்தடித் தொட்டியிலிருந்தும் எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலக வேண்டும்.

குறித்த இடத்தில் 3 அடி ஆழத்துக்கு ஒரு சிறு பள்ளம் எடுக்கச் சொன்னோம். அதன் அடியில் ஒரு அடி ஆழத்துக்கு, சாப்பாட்டுத் தட்டு அகலத்தில் ஒரு துளை. அதில் தண்ணீர் ஊற்றி வற்ற விட்டோம். காய்ந்த மண் முதல் தண்ணீரை ஆவலாய்க் குடித்துவிடும், அதை நம்பக் கூடாது. மறுபடி நிரப்பி ஒரு குச்சியில் அடையாளம் வைத்து, நீர் 1 அங்குலம் இறங்க எத்தனை நிமிடம் என்று பார்க்க வேண்டும். சுத்தமான மணலில் ஓரிரு நிமிடத்தில் இறங்கிவிடும். கெட்டிக் களியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், சில இடங்களில் மறுநாள் போனாலும் அப்படியே நிற்கும். சித்தி வீட்டில் 20 நிமிடம். மணல் கலந்த களி. நடுத்தரமான மண்.

மறுநாளும் தண்ணீர் நிற்கிற மண்ணில் உறைக் குழி வேண்டாம். அது கொசு வளர்க்கும் தொட்டியாகத்தான் முடியும். அடியில் மணல் அடுக்கு இருப்பது அக்கம்பக்கத்துக் கிணறோ ஆழ்துளையோ தோண்டியவர்களிடம் கேட்டால் தெரியும். இருந்தால் குழியின் நடுவில் 10 முதல் 15 அடிக்கு ஒரு துளை போட்டு, கூழாங்கல் நிரப்பி அந்த அடுக்கைத் தொடலாம். இல்லையென்றால் பெரிய தொட்டியில் சேமிப்பதுதான் வழி.

மண்ணுக்கு அடுத்தபடி நிலத்தடி நீர்மட்டம். ஆகஸ்டில் பார்த்தால் ஏமாந்துபோவோம். கார்த்திகையில் மட்டம் எங்கே நிற்கிறது என்பதே கணக்கு. பக்கத்து வீட்டுக் கிணற்றுக்காரரிடம் கேட்டோம். கடும் மழை முடிந்த சமயத்தில் தரையிலிருந்து 9 அடியில் தண்ணீர் நிற்கும் என்றார். ஆகவே 6 அடிக்கு மேல் தோண்ட வேண்டாம் என்று முடிவு செய்தோம். அடியில் 3 அடி உலர்ந்த மண் இருந்தால்தான் தண்ணீர் இறங்க இடமிருக்கும், இறங்கும்போது வடிகட்டவும் படும். மழைக்காலத்தில் 2, 3 அடியிலேயே நீர் நிற்கிற தாழ்வான பகுதிகளில் குழி தோண்டினால் மழை வருவதற்கு முன்பே அது ஊற்றுநீரால் நிரம்பியிருக்கும்.

3 அடி விட்டமுள்ள சிமெண்ட் உறைகள் ஆறு இறக்குவதாகத் திட்டம். ஒவ்வொன்றும் 1 அடி உயரம், பக்கத்தில் துளைகள் உள்ளவை. உறையைச் சுற்றி அரை அடிக்கு 40 மி.மீ. ஜல்லி, அடியிலும் அரை அடி ஜல்லி. ஆள் வந்ததும், “உள்ள முழுக்க ஜல்லி போட்டு மேல மணல் போட்டுடலாம் சார், அப்படித்தான் எல்லாரும் செய்றாங்க” என்றார். உண்மைதான். 2003-இல் தமிழ்நாடு அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது அப்படி நிரப்பிய குழிகள் ஏராளமாகப் போடப்பட்டன. அவற்றில் எத்தனையோ குழிகளை நானே திறந்து பார்த்திருக்கிறேன். மேல் மணலில் மாடித் தூசி படிந்து தோல்போல இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே ஓடிக்கொண்டிருக்கும். சுத்தம் செய்ய வேண்டுமென்றால் ஜல்லி முழுவதையும் வெளியே எடுத்துக் கழுவ வேண்டும். அதை யாரும் செய்வதில்லை.

இடக் கணக்கும் இருக்கிறது. நீர் நுழையும் குழாய் தரைக்கு 1 அடி கீழே வருவதால், அதற்குக் கீழே 5 அடிதான் தண்ணீர் நிற்கும் ஆழம். காலியாக இருந்தால் அதில் 1,000 லிட்டர் பிடிக்கும். ஜல்லி நிரப்பினால் கற்களுக்கு இடையிலுள்ள சந்துகள் மட்டுமே மிச்சம். 350 முதல் 400 லிட்டர்தான் பிடிக்கும். காசு கொடுத்துக் கல் வாங்கிப் போட்டுக் குழியை மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. காலியாக விட்டு, மேலே கம்பி கட்டிய கான்கிரீட் மூடியும், அதில் பூட்டக்கூடிய இரும்பு வாய் மூடியும் போடுவதே நல்லது. குழந்தைகள் நடமாடும் வாசலில் பலகையோ தகரமோ போட்டு மூடிவைப்பது கூடவே கூடாது. தோண்டும்போதும் மணல் சரியக்கூடிய இடமென்றால், இடுப்பளவுக்குக் கீழே போகப் போக உறையை இறக்கிக்கொண்டே தோண்ட வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் இந்த மண் எவ்வளவு குடிக்கும்? சோதனைத் துளையில் 20 நிமிடத்துக்கு 1 அங்குலம் இறங்கியது உண்மை. ஆனால் சிறு துளையில் பக்கவாட்டிலும் நீர் கசியும், நாள்பட நாள்பட வண்டலும் படியும். அதனால் அந்த வேகத்தில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கணக்கில் எடுத்தேன். அப்படிப் பார்த்தால் மணிக்குச் சுமார் 70 லிட்டர். இனி இரண்டு மழைகளை வைத்துப் பார்க்கலாம். 5 செ.மீ. மழை எட்டு மணி நேரத்தில் நிதானமாகப் பெய்தால் வரும் 1,600 லிட்டரில் டிரம் 200, குழி 1,000, அந்த எட்டு மணி நேரத்தில் மண் குடிப்பது 560. ஒரு சொட்டும் தெருவுக்குப் போகாது. அதே 5 செ.மீ. ஒரே மணி நேரத்தில் கொட்டினால் டிரம், குழி, மண் மூன்றும் சேர்ந்து 1,270 லிட்டரைத்தான் வாங்கும். 330 லிட்டர் வழியும். அதற்காகக் குழியை இரண்டு மடங்கு பெரிதாக்கத் தேவையில்லை. வழிவதற்கு 4 அங்குலக் குழாய் வைத்து மழைநீர் வடிகாலுக்கு விட்டால் போதும். பாதாளச் சாக்கடை இணைப்பில் மட்டும் விடக் கூடாது. மழை நாளில் அது நிரம்பித் திரும்பி வீட்டுக்குள்ளேயே வரும்.

டிரம்மை வைப்பதற்குச் சித்தியின் குழாயே உதவியது. தரையிலிருந்து ஏழரை அடி உயரத்தில் குழாயை வெட்டி ஒரு டி இணைப்பு போட்டோம். அதன் கிளை சரிவாக டிரம்முக்குப் போகிறது. கீழே மிஞ்சிய 7 அடிக் குழாயை வெட்டி எறியாமல் அப்படியே விட்டு, அடியில் திருகு மூடி போட்டு, மூடியில் ஆணி நுழையும் அளவுக்கு ஒரு சிறு துளை வைத்தோம். மழை தொடங்கியதும் மாடித் தூசியும் புறா எச்சமும் கலந்து வரும் முதல் தண்ணீர் அந்தக் குழாயில் இறங்கி நிற்கும். 4 அங்குலக் குழாயில் 7 அடிக்குச் சுமார் 18 லிட்டர் பிடிக்கும். 400 சதுர அடியைக் கழுவிவரும் முதல் அரை மில்லிமீட்டர் மழைக்கு அது சரியாக இருக்கும். குழாய் நிரம்பிய பிறகு வரும் தெளிந்த நீர் கிளை வழியாக டிரம்முக்குப் போகும். நின்ற அழுக்கு நீர் மூடியின் துளை வழியாகச் சொட்டி வெளியேறி, அடுத்த மழைக்கு இடம் விடும். அந்தத் துளை அடைத்துக்கொண்டால் வேலை கெட்டுவிடும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மூடியைத் திருகி ஒருமுறை திறந்துவிட வேண்டும்.

நிரம்பிய டிரம் 200 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். மழையில் ஊறிய மண்ணில் வெறுமனே வைத்தால் ஒரு பக்கம் அமிழ்ந்து சாய்ந்துவிடும். தரையை இறுக்கி, சாலிட் பிளாக் அடுக்கி, ஒன்றரை அடி மேடை கட்டினோம். குழாய்க்குக் கீழே வாளி வைக்கவும் அந்த உயரம் வேண்டும். டிரம் வாங்கும்போது முன்பு அதில் என்ன இருந்தது என்று கேட்க வேண்டும். ரசாயனம் இருந்த டிரம் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். வழியும் குழாய் உள்ளே வரும் குழாயின் அதே 4 அங்குலம் இருக்க வேண்டும். கடையில் முக்கால் அங்குலக் குழாய் போதும் என்பார்கள். போதாது. நிமிடத்துக்கு 27 லிட்டர் வரும்போது டிரம்மின் வாய் வழியாகவே தண்ணீர் பொங்கும், சுவர் ஊறும்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு வாரம் பத்து நாளில் முட்டை கொசுவாகிவிடும். நீர் வரும் வாயிலும் வழியும் வாயிலும் கொசு வலை கட்டினோம். பலரும் மேல் வாயை மூடிவிட்டு வழியும் குழாயை மறந்துவிடுகிறார்கள். கொசுவுக்கு அந்த ஒரு வாசல் போதும். டிரம் தண்ணீரை வாரத்துக்கு ஒருமுறை முழுதாகத் தீர்த்துவிட வேண்டும் என்றும் சித்தியிடம் சொன்னேன். அடுத்த மழையைப் பிடிக்க டிரம் காலியாகவும் இருக்க வேண்டுமே.

டிரம்மிலிருந்து வழியும் நீர் நேரே குழிக்குப் போகாமல், நடுவில் ஒன்றரை அடிச் சதுரத்தில் கட்டிய சிறு வண்டல் தொட்டியில் விழுந்து போகிறது. தொட்டியின் அடி, வெளியேறும் குழாய்க்கு ஒரு அடி கீழே இருப்பதால் மண்ணும் இலையும் அங்கேயே தங்கிவிடும். கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். இந்தச் சிறு தொட்டியைச் செலவு மிச்சம் என்று விட்டுவிட்டால் குழியின் ஆயுள் சில மழைக்காலங்களாகக் குறைந்துவிடும்.

ஐப்பசியில் முதல் பெருமழை ஓர் இரவு முழுக்கப் பெய்தது. காலை ஆறு மணிக்குச் சித்தி குழி மூடியைத் திறந்து ஒரு நீளக் குச்சியை விட்டுப் பார்த்தார். ஏறக்குறைய விளிம்பு வரை தண்ணீர். மதியம் ஒருமுறை, மாலை ஒருமுறை விட்டுப் பார்த்தார். நள்ளிரவில் தூக்கம் வராமல் டார்ச் அடித்துப் பார்த்தபோது அடி ஜல்லி தெரிந்ததாம். பதினெட்டு மணி நேரம். நிரம்பிய குழி ஒரு நாளுக்குள் வற்றினால் நல்ல குழி. இரண்டு நாள் ஆகியும் தண்ணீர் நின்றால், நிலத்தடி நீர்மட்டம் மேலே வந்துவிட்டது அல்லது அடியில் வண்டல் படிந்துவிட்டது என்று பொருள். வண்டல் என்றால் கோடையில் வழித்தெடுத்தால் சரியாகிவிடும்.

சித்தி அந்தக் குச்சியைக் குழாயோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார். உங்கள் வீட்டிலும் மூடிக்குக் கீழே பழைய குழி ஒன்று இருக்கலாம். புதிதாகத் தோண்டும் முன் அதைத் திறந்து, நாலு வாளித் தண்ணீர் ஊற்றி, எத்தனை மணி நேரத்தில் வற்றுகிறது என்று பாருங்கள்.